சூடானால் குளிர்பானத்தில் கேஸ் போய்விடுவது ஏன்? ஒரு தராசை வைத்துக் கண்டறியும் செய்முறை

வெயிலில் கிடந்த குளிர்பானப் புட்டியைத் திறந்து ஊற்றினால் நுரை பொங்கி வழிகிறது. ஆனால் சற்று நேரத்தில் வாயில் வைத்தால் வெறும் சர்க்கரைத் தண்ணீராகத்தான் இருக்கிறது. வெப்பமே வாயுவை வெளியேற்றிவிட்டது என்று நாம் சொல்லிவிடுகிறோம். அது பாதி உண்மைதான். மீதிப் பாதி மூடியில் இருக்கிறது.

படி 1: ஒரே அளவான இரண்டு புட்டிகள்

ஒரே வகைக் குளிர்பானத்தில் 250 மில்லி கொள்ளளவுள்ள இரண்டு பிளாஸ்டிக் புட்டிகளை எடுத்து, ஒன்றைக் குளிர்பதனப் பெட்டியிலும் மற்றதைச் சுமார் 30 டிகிரி செல்சியஸ் வெப்பமுள்ள அறையிலும் ஓர் இரவு வையுங்கள். கண்ணாடிப் புட்டி வேண்டாம். உறைநிலைப் பெட்டியிலோ நேர் வெயிலிலோ வைக்கவும் வேண்டாம், புட்டி வெடிக்கக்கூடும்.

படி 2: திறக்காமல் அழுத்திப் பாருங்கள்

காலையில் இரண்டையும் விரலால் அழுத்தினால், அறையில் இருந்த புட்டி கல்லைப் போல இறுகியிருக்கும். குளிர்ந்தது சற்றே நெகிழும். வாயு எங்கும் போகவில்லை என்பதற்கு இதுவே சான்று.

நடப்பது இதுதான். ஒரு வளிமண்டல அழுத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு மட்டுமே மேலே நிறைந்திருந்தால், ஒரு லிட்டர் நீரில் 5 டிகிரியில் ஏறக்குறைய 2.8 கிராமும், 30 டிகிரியில் ஏறக்குறைய 1.3 கிராமும் கரையும். நீர் மூலக்கூறுகள் இவ்வாயுவை மிகத் தளர்வாகவே பிடித்து வைத்திருப்பதால், வெப்பம் கூடக்கூட அந்தப் பிடி நழுவுகிறது. இதை ஈடுகட்டுவது அழுத்தம்: வெப்பநிலை மாறாதிருக்கையில், மேலேயுள்ள வாயுவின் அழுத்தம் இரண்டு மடங்கானால் கரையும் அளவும் இரண்டு மடங்காகிறது. வில்லியம் ஹென்றி 1803-இல் வெளியிட்ட விதி இது.

நம் பானத்தில் லிட்டருக்கு 7 கிராம் வாயு இருப்பதாகக் கொள்வோம். அதைக் கரைத்து வைத்திருக்க 5 டிகிரியில் இரண்டரை வளிமண்டல அழுத்தம் போதும். 30 டிகிரியிலோ ஏறக்குறைய ஐந்தரை தேவை. மூடிய புட்டியில் சிறிதளவு வாயு மேலேயுள்ள குறுகிய வெற்றிடத்துக்கு ஏறியவுடனேயே அந்த அழுத்தம் உருவாகிவிடுவதால், மற்றது கரைந்தபடியே இருக்கிறது. விரலில் உணர்ந்த இறுக்கம் அதுதான்.

படி 3: எடை போட்டுத் திறவுங்கள்

0.1 கிராம் வரை காட்டும் தராசில், மூடிய புட்டியையும் காலிக் கண்ணாடிக் குவளையையும் சேர்த்து எடைபோட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு மூடியை மெதுவாகத் திருகி, பானத்தைக் குவளையில் ஊற்றி, பத்து நிமிடம் கழித்துக் குவளை, காலிப் புட்டி, மூடி மூன்றையும் சேர்த்து மீண்டும் எடைபோடுங்கள். குளிர்ந்த புட்டிக்கும் இதே முறைதான். அதன் குவளையை மட்டும் அந்தப் பத்து நிமிடமும் குளிர்பதனப் பெட்டிக்குள் வையுங்கள்.

250 மில்லியில் கரைந்திருந்தது 1.75 கிராம். குமிழியாக வெளியேறக்கூடியது, ஒரு வளிமண்டலத்துக்குரிய அளவுக்கு மேல் உள்ளது மட்டுமே; ஆகவே சூடான பானத்தில் அது அதிகபட்சம் 1.4 கிராம், குளிர்ந்ததில் 1.1 கிராம். குளிர்ந்தது அந்த எல்லையை நெருங்கவும் கூடுதல் நேரம் எடுக்கும். குமிழிகள் நின்ற பின்னரும் மேற்பரப்பின் வழியே வாயு மெல்லக் கசிந்துகொண்டே இருக்கும், ஏனெனில் காற்றில் கார்பன் டை ஆக்சைடின் பங்கு 0.04 விழுக்காடுதான். குளிரில் வைத்தாலும் திறந்த குவளை என்றோ ஒருநாள் சப்பென்று ஆகிவிடும் என்பதற்கு இதுவே காரணம்.

குளிர்ந்த புட்டியின் எடை குறைவதற்குப் பதிலாகக் கூடியதாகத் தராசு காட்டினால் திகைக்க வேண்டாம். வெளிப்புறத்தில் படிந்த நீர்த்துளிகளின் எடை அது. எடைபோடும் ஒவ்வொரு முறையும் உலர்ந்த துணியால் துடைத்துவிடுங்கள்.

படி 4: மீதியைக் காப்பாற்றுவது

பாதி குடித்துவிட்டு மூடி வைத்த புட்டியில், பானத்தின் அளவுக்குச் சமமான வெற்றிடம் இருக்கிறது. எஞ்சிய வாயு இரண்டுக்கும் பங்கிடப்படுகிறது. 5 டிகிரியில் பத்தில் ஆறு பங்கு பானத்தில் தங்கும். 30 டிகிரியில் நான்கு பங்குதான். மறுமுறை திறக்கும்போது நாம் இழப்பது மேலே நிற்கும் பங்கை. ஆகவே அறையில் கிடந்த பாதிப் புட்டியைத் திறப்பதற்கு முன் சில மணி நேரம் குளிரவிட்டால், மேலே ஏறிய வாயுவில் ஒரு பகுதி மீண்டும் பானத்துக்குள் கரைகிறது. புட்டியை நசுக்கிக் காற்றை வெளியேற்றி மூடும் பழக்கம் பலருக்கு உண்டு. அதனால் பயனில்லை என்பது என் கணிப்பு. பானத்திலிருந்து வெளிவரும் வாயுவே புட்டியைத் தள்ளி மறுபடியும் பழைய வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடுகிறது.