பால் கட்டினால் பிசையாதீர்கள்

பிரசவமான மூன்றாம், நான்காம் நாளில் வார்டில் அடிக்கடி பார்ப்பது இது. தாயின் மார்பு இரண்டும் கல்லாகக் கனக்கும். குழந்தை வாய் வைத்துப் பார்க்கும், வழுக்கும், வீறிட்டு அழும். உடனே வீட்டுப் பெரியவர் ஒருவர் வெந்நீரில் துணியை முக்கி ஒத்தடம் கொடுத்து, கட்டியை உடைக்கிறேன் என்று கட்டைவிரலால் அழுத்தித் தேய்ப்பார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் அப்படித் தேய்த்திருக்கிறேன்.

அந்தக் கனம் முழுக்கப் பால் அல்ல. திசுக்களில் ஊறிய நீரும் சேர்ந்ததுதான் அது. அழுத்தித் தேய்த்தால் உள்ளே நசுங்கி வீக்கம் கூடும். குழந்தைக்கு இடைஞ்சலாக இருப்பது காம்பைச் சுற்றிய கருவட்டம் விறைத்து நிற்பதுதான். எனவே நகம் வெட்டிய விரல் நுனிகளைக் காம்பின் அடியில் சுற்றிலும் வைத்து, நெஞ்சுக்கூட்டை நோக்கி ஒரு நிமிடம் மெதுவாக அழுத்திப் பிடிக்கச் சொல்லுங்கள். வீக்கம் பின்னால் நகரும். காது மடல் போல இளகியதும் நாலு சொட்டுப் பாலைப் பீய்ச்சிவிட்டு வாய் வைக்கலாம். குடித்து முடித்தபின் குளிர்ந்த ஒத்தடம். மல்லிகைப்பூவை வைத்துக் கட்டுவது பால் வற்றுவதற்கான பழக்கம், இங்கே வேண்டாம்.

அடுத்த தவறு எங்களைப் போன்ற செவிலியர்கள் செய்வது. மார்பை ஒரு கையால் பிடித்து, மறுகையால் குழந்தையின் தலையை அமுக்கிச் சேர்த்துவிடுவோம். பின்மண்டையில் கை பட்டதுமே குழந்தை தலையைப் பின்னுக்குத் தள்ளும். நாங்கள் இல்லாத நள்ளிரவில் அந்தத் தாய்க்கு ஒன்றும் புரியாது. அதற்குப் பதில் ஒரு பொம்மையை நாம் வைத்துக்கொண்டு காட்ட வேண்டும், குழந்தையை அவர் பிடிக்க வேண்டும். வயிறோடு வயிறு, மூக்குக்கு நேரே காம்பு. வாய் கொட்டாவி போலத் திறக்கும்வரை பொறுத்து, தோளைத் தாங்கி அணைத்தால் தாடை முதலில் பதியும். குடித்து முடித்துக் காம்பு வெளியே வரும்போது புது லிப்ஸ்டிக் போலச் சாய்வாக நசுங்கியிருந்தால், குழந்தை காம்பை மட்டும் கவ்வியிருக்கிறது என்று அர்த்தம். வலி நீடித்தால் சுண்டு விரலை வாயோரம் நுழைத்து விடுவித்து, மறுபடி வைக்கலாம்.

சரி, மார்பில் ஒரு பக்கம் சிவந்து, காய்ச்சல் 101 டிகிரியைத் தாண்டி, குளிர் நடுக்கமும் வந்தால்? அது மார்பக அழற்சி. ‘கெட்ட பால்’ என்று அந்தப் பக்கம் கொடுப்பதை நிறுத்துவார்கள்; நிறுத்தினால் தேக்கம் கூடும். இன்னும் சிலர் பம்பு வைத்து ஒட்ட உறிஞ்சுவார்கள். எடுக்க எடுக்கப் பால் இன்னும் சுரக்கும், வீக்கமும் இறங்காது. குழந்தை கேட்கும் அளவுக்கு மட்டும் கொடுத்து, குளிர்ந்த ஒத்தடமும் மருத்துவர் சொன்ன வலி மாத்திரையும் எடுத்தாலே பலருக்கு இறங்கிவிடும். ஒரு நாளில் தணியாவிட்டால், அல்லது ஆரம்பத்திலேயே தாய் துவண்டுபோனால், ஆன்டிபயாடிக் தேவையா என்று மருத்துவர் பார்க்க வேண்டும். காய்ச்சல் விட்ட பிறகும் கட்டி அப்படியே நின்றால் உள்ளே சீழ் இருக்கலாம். அதையும் பிசையக் கூடாது, ஸ்கேன்தான்.

வீட்டுக்கு அனுப்பும் முன் ஒரு முறை கையைக் கட்டிக்கொண்டு கட்டிலருகே உட்காருங்கள். தாய் தானாகவே வாய் வைத்து, குழந்தை விழுங்கும் சத்தம் கேட்டால் டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதலாம்.