விடுதி நெட்வொர்க்கில் கன்சோலைப் பதிய மேக் முகவரி எடுக்கும்போது நடக்கும் தவறுகள்

தஞ்சாவூர், கும்பகோணம், திருவாரூர் பக்கம் கல்லூரி விடுதிகளில் ஒவ்வொரு விடுமுறை முடிந்ததும் ஒரே காட்சிதான். ஊரிலிருந்து திரும்பும் பிள்ளைகளில் சிலர் துணிப் பையோடு ஒரு பிளேஸ்டேஷனையோ நின்டெண்டோ ஸ்விட்சையோ கொண்டுவருகிறார்கள். அன்று சாயங்காலமே நெட்வொர்க் அறைக்கு வந்து, "சார், போன்ல நெட் வருது, லேப்டாப்ல வருது, இதுல மட்டும் வரலை" என்று நிற்கிறார்கள். இப்படி ஒரு கல்லூரியில் நெட்வொர்க் வேலை பார்ப்பவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

போனும் லேப்டாப்பும் விடுதி வைஃபையில் சேரும்போது ஒவ்வொருவரும் தம் பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுத்து நுழைகிறோம். வீட்டு மோடத்தில் எல்லோருக்கும் பொதுவாக ஒரே கடவுச்சொல் இருக்கும், இது அப்படியில்லை. ஆளுக்கு ஆள் கணக்கு கேட்கும் இந்த வகை வைஃபையில் சேரும் வசதி கேம் கன்சோல்களில் இல்லை. அதனால்தான் பல கல்லூரிகளிலும் அலுவலகங்களிலும் கன்சோலுக்கு வேறு வழி வைத்திருக்கிறார்கள். கன்சோலின் மேக் முகவரியை, அதாவது நெட்வொர்க்கில் அதை அடையாளம் காட்டும் எண்ணும் எழுத்தும் கலந்த குறியை, முன்கூட்டியே பதிவு செய்துவிட்டால், அந்த முகவரியோடு வரும் கருவியை நெட்வொர்க் உள்ளே விடும். உள்ளே விடும்போது நெட்வொர்க் உங்கள் பெயரையும் கேட்காது, கன்சோலின் மாடலையும் கேட்காது. வந்து சேரும் முகவரி பட்டியலில் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும்.

இங்கேதான் முதல் தவறும் பெரிய தவறும் நடக்கிறது. ஒரு கன்சோலுக்கு ஒரே மேக் முகவரிதான் என்று நினைத்துவிடுகிறார்கள். உண்மையில் மேக் முகவரி கன்சோலுக்கு உரியதல்ல, அதில் உள்ள ஒவ்வொரு நெட்வொர்க் இணைப்புக்கும் உரியது. வைஃபைக்கு ஒன்று, லேன் கேபிளுக்கு இன்னொன்று. பிளேஸ்டேஷன் 5-இல் Settings, System, System Software, Console Information என்று வரிசையாகப் போனால் இரண்டும் அடுத்தடுத்த வரியில் இருக்கும், ஒன்று LAN Cable, மற்றது Wi-Fi. பிளேஸ்டேஷன் 4-இல் Settings, System, System Information. எக்ஸ்பாக்ஸில் Settings, General, Network settings, Advanced settings என்று போக வேண்டும், அங்கேயும் இரண்டு வரிகள்தான். அவசரத்தில் மேலே உள்ள வரியை எழுதிக்கொண்டு வந்துவிடுவார்கள். அறையில் கன்சோல் வைஃபையில் ஓடும், பதிவில் இருப்பதோ கேபிளின் முகவரி. முகவரியில் ஓர் எழுத்துகூடப் பிழை இருக்காது, ஆனாலும் நெட் வராது. அதனால் முகவரியைத் தேடுவதற்கு முன்பே, அறையில் கேபிளா வைஃபையா என்று முடிவு செய்துகொள்ளுங்கள். இரண்டையும் பதிய அனுமதி இருந்தால் இரண்டையும் பதிந்துவிடுங்கள், பின்னால் அலைச்சல் இல்லை.

நின்டெண்டோ ஸ்விட்சில் இந்தக் குழப்பம் இன்னும் ஒரு படி ஆழமானது. மன்னார்குடிப் பையன் ஒருவன் ஓஎல்இடி மாடல் ஸ்விட்ச் கொண்டுவந்தான். ஊரில் இருக்கும்போதே கையில் வைத்துக்கொண்டு System Settings, Internet பக்கத்தில் தெரிந்த முகவரியை எழுதிவைத்திருக்கிறான். எடுத்துக்காட்டுகளுக்கென்றே ஒதுக்கப்பட்ட எண்களில் சொன்னால், அது 00:00:5E:00:53:2D என்று வைத்துக்கொள்வோம். பதிவும் ஆகிவிட்டது. விடுதியில் டிவி அறையில், ஸ்விட்சை டிவியோடு இணைக்கும் தாங்கியான டாக்கில் வைத்து, சுவரில் இருந்த லேன் முனையிலிருந்து கேபிளை டாக்கின் பின்னால் செருகினான். நெட் வரவில்லை. "சார், நம்பர் சரியாத்தான் போட்டேன், மூணு தடவை பார்த்துட்டேன்" என்றான். நம்பர் சரிதான். ஆனால் அது கன்சோலுக்குள் இருக்கும் வைஃபையின் முகவரி. கேபிள் செருகும் இடம் டாக்கில் இருக்கிறது, அதனால் கேபிளின் முகவரி டாக்குக்குச் சொந்தம். டாக்கில் வைத்து, கேபிளைச் செருகி, அதே Internet பக்கத்தை மறுபடி திறந்து பார்க்கச் சொன்னேன். இப்போது வேறொரு முகவரி தெரிந்தது, 00:00:5E:00:53:8B என்று கொள்ளுங்கள். அதைப் பதிவில் மாற்றி, ஸ்விட்சை முழுவதும் அணைத்துப் போட்டதும் இணைப்பு கிடைத்தது.

இதில் இன்னொரு விஷயமும் அடங்கியிருக்கிறது. பழைய மாடல் ஸ்விட்சின் டாக்கில் லேன் முனை கிடையாது, யுஎஸ்பி லேன் அடாப்டர் தனியாக வாங்கிச் செருக வேண்டும். அப்போது முகவரி அந்த அடாப்டருடையது. அடாப்டரைப் பக்கத்து அறை நண்பனுக்குக் கொடுத்தால் அனுமதியும் அதோடு சேர்ந்து போய்விடும். அவனுடைய ஸ்விட்சில் நெட் வரும், உங்களுடையதில் வராது. அவன் செய்யும் எல்லாம் உங்கள் பெயரில்தான் பதிவாகும். பொதுவான டாக்கை நாலு பேர் மாற்றி மாற்றிப் பயன்படுத்தும் விடுதிகளில் இதை யாரும் யோசிப்பதே இல்லை. டாக் பொது என்றால் நெட்வொர்க் அலுவலகத்தில் அப்படியே சொல்லிப் பதிவதுதான் சரி.

அடுத்தது எழுதி எடுப்பதில் வரும் பிழை. மேக் முகவரி பன்னிரண்டு குறியீடுகள் கொண்டது. அதில் 0 முதல் 9 வரை எண்களும் A முதல் F வரை எழுத்துகளும் மட்டுமே வரும். O என்ற எழுத்து அதில் வரவே வராது. திரையில் வட்டமாக எது தெரிந்தாலும் அது பூஜ்யம்தான், அல்லது D-ஐ அப்படிப் பார்த்துவிட்டீர்கள். I, L, S, G எதுவும் கிடையாது. S போலத் தெரிந்தால் அது 5. உண்மையில் ஏமாற்றுவது 8-உம் B-உம், ஏனென்றால் இரண்டுமே முகவரியில் வரக்கூடியவை. தவறாகப் போட்டாலும் பதிவுப் படிவம் மறுக்காமல் ஏற்றுக்கொள்ளும். மேலே சொன்ன டாக்கின் முகவரி 8B என்று முடிகிறது, அதையே B8 என்றோ 88 என்றோ போட்டால் படிவத்துக்கு வித்தியாசம் தெரியாது. கையால் எழுதாதீர்கள், திரையைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். இடையில் வருவது முக்காற்புள்ளியா சிறு கோடா, பெரிய எழுத்தா சின்ன எழுத்தா என்பதில் முகவரி மாறாது. படிவம் எந்த வடிவம் கேட்கிறதோ அப்படிக் கொடுத்தால் போதும்.

பெட்டியின் மேலோ கன்சோலின் பின்புறமோ ஒட்டியிருக்கும் சீரியல் எண்ணை எடுத்துவருபவர்களும் உண்டு. அது வாரண்டிக்கானது. அதே திரையில் தெரியும் 192.168 என்று தொடங்கும் ஐபி முகவரியைக் கொடுப்பவர்களும் உண்டு. அது உங்கள் வீட்டு மோடம் அப்போதைக்குக் கொடுத்த எண், விடுதிக்கு வந்தால் அதற்கு மதிப்பில்லை.

எக்ஸ்பாக்ஸ் வாங்கியவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். புதுப் பெட்டியைப் பிரித்து முதல்முறை அமைக்கும்போதே அது இணையம் கேட்கும். இணையம் வேண்டுமென்றால் பதிவு வேண்டும், பதிவுக்கு முகவரி வேண்டும், முகவரி பார்க்க அமைப்பை முடித்திருக்க வேண்டும். இந்தச் சுற்றில் மாட்டாமல் இருக்க, ஊரில் வீட்டு நெட்டிலேயே அமைப்பை முடித்து, முகவரியைப் படம் எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். வீட்டில் நெட் இல்லையென்றால் போன் ஹாட்ஸ்பாட் போதும், ஆனால் முதல் அப்டேட் பெரிதாக இருக்கும், டேட்டாவைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எக்ஸ்பாக்ஸின் அதே பக்கத்தில் Alternate MAC address என்று ஒரு வசதி உண்டு. கன்சோலுக்கு வேறொரு முகவரியைக் கையால் போட அது விடும். லேப்டாப் ஏற்கெனவே பதிவாகியிருக்கிறதே என்று அதன் முகவரியை இங்கே போட்டுவிடுவது விடுதிகளில் பரவலான குறுக்கு வழி. ஒரே முகவரியோடு இரண்டு கருவிகள் ஒரே நெட்வொர்க்கில் இருந்தால் இரண்டுக்கும் போக வேண்டிய தரவு குழம்பும். லேப்டாப்பில் வகுப்பு ஓடிக்கொண்டிருக்கும்போது விட்டு விட்டு அறுந்தால் காரணம் இதுவாகவே இருக்கலாம். பல இடங்களில் இது விதிமீறலும்கூட. பழைய எக்ஸ்பாக்ஸ் வாங்கியிருந்தால், முன்பு வைத்திருந்தவர் இப்படி ஏதாவது போட்டு விட்டிருக்கக்கூடும். அந்தப் பக்கத்தில் Clear கொடுத்து, கன்சோலை மறுபடி தொடங்கி, அப்புறம் முகவரியை எடுங்கள்.

எடுத்த முகவரி சரிதானா என்று ஊரில் இருக்கும்போதே சோதிக்க எனக்குப் பிடித்த வழி ஒன்று உண்டு. கன்சோலை விடுதியில் எப்படி இணைப்பீர்களோ அப்படியே, கேபிள் என்றால் கேபிள், வைஃபை என்றால் வைஃபை, வீட்டு மோடத்தில் இணையுங்கள். லேப்டாப்பும் அதே மோடத்தில் இருக்க வேண்டும். கன்சோல் திரையில் அதன் ஐபி முகவரியைப் பாருங்கள், 192.168.1.23 என்று வைத்துக்கொள்வோம். விண்டோஸ் லேப்டாப்பில் கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து இதைக் கொடுங்கள்:

```
ping 192.168.1.23
arp -a
```

பிங்குக்குக் கன்சோல் பதில் சொல்லாமல் போகலாம், பரவாயில்லை. இரண்டாவது கட்டளை தரும் பட்டியலில் அந்த ஐபிக்கு நேரே உள்ள முகவரிதான் நெட்வொர்க்கின் கண்ணுக்கு உண்மையில் தெரிவது. டாக்கா கன்சோலா, கேபிளா வைஃபையா என்ற சந்தேகமெல்லாம் இங்கே தீர்ந்துவிடும். அதை அப்படியே நகலெடுத்துப் படிவத்தில் ஒட்டலாம், 8-க்கும் B-க்கும் சண்டையில்லை. ஒரே நிபந்தனை, இடையில் வைஃபை எக்ஸ்டெண்டர் இருக்கக் கூடாது. பல எக்ஸ்டெண்டர்கள் கன்சோலின் முகவரிக்குப் பதிலாகத் தம்முடையதையே காட்டும். கிடைத்த முகவரியின் இரண்டாவது குறியீடு 2, 6, A, E இவற்றில் ஒன்றாக இருந்தால் ஒருமுறை நின்று யோசியுங்கள். தயாரிப்பாளர் கொடுத்த முகவரி சாதாரணமாக அப்படி இருக்காது. போன்கள் தம் அடையாளத்தை மறைக்க உருவாக்கிக்கொள்ளும் தற்காலிக முகவரியில்தான் அது வரும், வேறு கருவியின் வரியைப் பார்த்திருப்பீர்கள்.

எல்லாம் சரியாகப் பதிந்தும் நெட் வரவில்லை என்றால், கன்சோலின் நெட்வொர்க் சோதனையை ஓடவிட்டு எந்தப் படியில் நிற்கிறது என்று பாருங்கள். ஐபி முகவரியே கிடைக்கவில்லை என்றால் கேபிளையோ சுவர் முனையையோ முதலில் சந்தேகப்படலாம். ஐபி கிடைத்து, இணையம் மட்டும் தோற்றால் பெரும்பாலும் நெட்வொர்க் உங்களைப் பதிவாகாத கருவிகளுக்கான தனிப் பகுதியில் வைத்திருக்கிறது. பதிவு நடைமுறைக்கு வர சில இடங்களில் நேரம் பிடிக்கும். பதிவு முடிந்தபின் கன்சோல் பழைய ஐபியையே பிடித்துக்கொண்டிருப்பதும் உண்டு. ரெஸ்ட் மோடில் போட்டு எழுப்புவது இதற்குப் போதாது. முழுவதும் அணைத்து, கேபிள் என்றால் அதைக் கழற்றிச் செருகி, மறுபடி போடுங்கள். அப்போதும் வராவிட்டால் நெட்வொர்க் அறைக்கு வரும்போது கன்சோலைத் தூக்கிவர வேண்டாம். நெட்வொர்க் சோதனையின் திரை, மேக் முகவரி உள்ள திரை, அறை எண், சுவர் முனையில் ஒட்டியிருக்கும் எண், இவற்றின் படங்கள் போதும். சுவர் முனை எண் இருந்தால் எங்கள் நெட்வொர்க் சுவிட்சில் அந்தப் போர்ட்டுக்கு வந்திருக்கும் முகவரியை நாங்களே பார்த்து, பதிவில் இருப்பதோடு ஒப்பிட்டுச் சொல்லிவிட முடியும்.