ஞாயிறு மாலைக்கு ஐந்து பாட்டு: வரிசை போடும் முறை

திங்கள் விடிகாலை காரைக்குடியில் திருச்சி பஸ் ஏற வேண்டும். ஞாயிறு ஆறு மணிக்கு, வளவில் வெயில் இறங்கியதுமே எனக்கு நெஞ்சு கனத்துவிடும். பாட்டு கேட்டுத்தான் அதைச் சரிசெய்தேன். ஆனால் வரிசை சரியாக அமைய மூன்று மாதம் ஆனது.

முதலில் ஐந்து பாட்டு எடுங்கள். அரை மணி நேரத்துக்குள் முடியட்டும்.

அடுத்து முதல் பாட்டு. நான் தடுக்கி விழுந்த இடம் இதுதான். உற்சாகம் வரட்டும் என்று குத்துப்பாட்டில் ஆரம்பித்தேன், எரிச்சல்தான் வந்தது. இசை சிகிச்சையில் ஐசோ கோட்பாடு என்று ஒன்று உண்டு. ஐரா ஆல்ட்ஷுலர் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 1940-களில் சொன்னது. மனம் இப்போது இருக்கும் நிலைக்கு ஒத்த இசையில் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்த வேண்டும். அதனால் இப்போது என் முதல் பாட்டு 'மயக்கமா கலக்கமா'. 'சுமைதாங்கி' (1962) படத்துக்கு நம்ம சிறுகூடல்பட்டி கண்ணதாசன் எழுதி, பி.பி. ஸ்ரீநிவாஸ் பாடியது. வாய்ப்பில்லாமல் சென்னையை விட்டே கிளம்ப இருந்த வாலியை நிறுத்தியது இந்தப் பாட்டுதான் என்று அவரே சொல்லியிருக்கிறார். கனத்த பாட்டு இது ஒன்றே போதும். இரண்டாவதும் சோகமாக இருந்தால் அங்கேயே உட்கார்ந்துவிடுவோம்.

அப்புறம் வேகம். பாட்டுக்குத் தாளம் தட்டி, 15 விநாடியில் எத்தனை தட்டு என்று எண்ணி நான்கால் பெருக்குங்கள். 18 வந்தால் நிமிடத்துக்கு 72. அடுத்தடுத்த பாட்டுகள் ஏழெட்டு தட்டு கூடினால் போதும். ஒரேயடியாக முப்பது கூடினால் காது உடனே ஒதுக்கிவிடும், கை தானாக அடுத்த பாட்டுக்குப் போகும். வரிசை தப்பு என்பதற்கு அதுதான் அடையாளம். என் வரிசை 'சின்னச் சின்ன ஆசை'யில் முடிகிறது.

பாட்டுகளை போனில் இறக்கி VLC-யில் கேட்பதையே நான் விரும்புகிறேன். நடுவில் விளம்பரம் புகுந்தால் ஏறிவந்த மனசு சரிந்துவிடும். Shuffle அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். ஸ்பீக்கரை வளவின் நடுவில் வைக்காதீர்கள். ஆத்தங்குடிக் கல்லிலும் பூச்சுச் சுவரிலும் ஒலி மோதித் திரும்பி, பாட்டு வரி குழம்பும். நான் முகப்புத் திண்ணையில், அப்பத்தாவின் தலையணைக்குப் பக்கத்தில் வைக்கிறேன்.

பின்சேர்க்கை: தனக்கு நெஞ்சு கனப்பதில்லை, படபடக்கிறது என்று ஒரு வாசகி எழுதியிருந்தார். அப்படியென்றால் வரிசையைத் திருப்புங்கள்: வேகமான பாட்டில் தொடங்கி, தட்டைக் குறைத்துக்கொண்டே வந்து தாலாட்டில் முடியுங்கள். இரண்டு வாரம் கழித்து, படபடப்பு அடங்குகிறது என்று எழுதினார். இன்னொருவர் கடைசிப் பாட்டையே திங்கள் காலை அலாரமாக வைத்துவிட்டார். மூன்றே வாரத்தில் அந்தப் பாட்டைக் கேட்டாலே அவருக்கு ஆபீஸ் ஞாபகம் வந்துவிட்டதாம். அலாரத்துக்கு வெறும் மணியோசையே இருக்கட்டும்.