டாக்சிக்காரர் காசு வேண்டாம் என்றாரா? தாரோஃபுக்கு ஆங்கிலச் சப்டைட்டில் போடுவது எப்படி

ஒரு ஈரானியக் குறும்படத்துக்கு ஆங்கிலச் சப்டைட்டில் போட்டுக் கொடுத்தேன். டெஹ்ரானில் ஒரு டாக்சி. இறங்கப்போகும் பெண் "எவ்வளவு?" என்று கேட்கிறாள். ஓட்டுநர் "காபெலி நதாரெ" என்கிறார். நான் "இட்ஸ் ஃப்ரீ" என்று போட்டேன். அரை நிமிடத்தில் அவர் நோட்டுகளை எண்ணி வாங்கிப் பையில் வைக்கிறார். திரையிட்டபோது அந்த இடத்தில் சிரிப்பு. பார்த்தவர்களில் பலருக்கு அவர் பேச்சு மாறுகிற ஆள். பாவம், அந்த மனிதர் மரியாதையாகப் பேசியது ஒன்றுதான் குற்றம். மனதில் ஒன்று இருக்க, மரியாதைக்காக வேண்டாம் என்பதும் வாங்க என்பதுமான இந்த ஈரானிய உபசார வழக்கத்துக்குத்தான் தாரோஃப் என்று பெயர்.

அதைத் திருத்திய வழியைத்தான் இங்கே எழுதுகிறேன். பாரசீகம் ஓரளவு காதில் விழும், சப்டைட்டில் கோப்பைத் திறந்து பழக்கம் என்றால் போதும்.

படி 1: காட்சியின் முடிவைப் பார்த்துவிட்டு வாருங்கள்

ஒவ்வொரு வரியாகக் கேட்டுக் கேட்டு மொழிபெயர்த்ததுதான் என் முதல் தவறு. தாரோஃப் வசனத்தின் எடை அந்த வரியில் இருக்காது, அடுத்த ஆள் அதை என்ன செய்கிறார் என்பதில் இருக்கும். டாக்சிக் காட்சியில் நடந்தது இவ்வளவுதான். அவள் விலை கேட்கிறாள். அவர் "காபெலி நதாரெ" என்கிறார். 'உங்களுக்கு முன்னால் இதற்கென்ன மதிப்பு' என்ற பொருளில். அவள் "காஹெஷ் மீகொனம்", அதாவது தயவுசெய்து வாங்கிக்கொள்ளுங்கள் என்கிறாள். அவர் "மெஹ்மூனெ மா பாஷீத்", எங்கள் விருந்தாளியாக இருங்கள் என்கிறார். அவள் மறுபடி வற்புறுத்துகிறாள். அவர் தொகையைச் சொல்கிறார்.

இரண்டு பேருக்கும் முடிவு தெரியும். காசு கைமாறப்போகிறது. அது தெரியாத ஒரே ஆள் சப்டைட்டில் படிப்பவர்.

அதனால் ஒவ்வொரு உபசார வரிக்கும் பக்கத்தில் ஒரு குறிப்பு எழுதுங்கள்: கடைசியில் ஏற்றார்களா, மறுத்தார்களா, எத்தனை சுற்றுப் போனது. இந்த மூன்றும் போதும்.

படி 2: நிஜ அழைப்பா, வாய் உபசாரமா

டெஹ்ரானுக்குத் தெற்கே ரெய் நகரில் ஷா அப்துல் அஸீம் தர்கா இருக்கிறது. ஏற்கமாட்டார்கள் என்று தெரிந்தே விடுக்கும் அழைப்புக்கு ஈரானியர்கள் 'ஷா அப்துல் அஸீமி தாரோஃப்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். காலையில் வந்து மாலையில் திரும்பும் யாத்ரீகர்களை ஊர்க்காரர்கள் ராத்தங்கச் சொல்வார்களாம். அவர்களே கேலி செய்கிற விஷயம் இது. அதற்காக, தாரோஃப் என்றால் பொய், போலித்தனம் என்று எண்ணிக்கொண்டு மொழிபெயர்க்க உட்காராதீர்கள்.

நிஜ அழைப்பில் விவரம் வரும். "வாங்க, சாப்பிடுங்க" என்பது பொதுவாக வாசற்படியோடு நிற்பது. "சோறு வடித்தாயிற்று, கோர்மெ சப்ஸீ குழம்பு ஆறுகிறது" என்றால் உள்ளே போகலாம். 'பீ தாரோஃப்' என்று சொல்லிவிட்டு அழைத்தாலோ, பிள்ளையின் உயிர் மேல் ஆணையிட்டாலோ பெரும்பாலும் நிஜம். பெரும்பாலும்தான், 'தாரோஃப் இல்லை' என்பதையே தாரோஃபாகச் சொல்கிறவர்களும் உண்டு. கையைப் பாருங்கள். சட்டையைப் பிடித்து இழுக்கிறதா, கதவை லேசாகச் சாத்துகிறதா?

படி 3: உபசாரம்

நான் இடறி விழுந்தது இங்கேதான். 'இட்ஸ் ஃப்ரீ' தப்பென்று தெரிந்ததும் நேர் எதிர்ப்பக்கம் ஓடினேன்: 'இட் இஸ் நாட் வொர்தி ஆஃப் யூ.' டாக்சிக்காரர் மந்திரவாதி போலப் பேசினார். அடுத்து 'டோன்ட் வொரி அபவுட் இட்.' சகஜமாக இருந்தது, ஆனால் இதுவும் உண்மையில் காசை விட்டுக்கொடுப்பதுதான். ஆங்கிலக்காரர் நன்றி சொல்லி இறங்கிப் போய்விடுவார்.

பிறகுதான் புரிந்தது. ஆங்கிலத்திலும் யாரும் சொல்லுக்குச் சொல் எடுத்துக்கொள்ளாத பணிவு வாக்கியங்கள் இருக்கின்றன. 'இட் வாஸ் நத்திங்' என்றால் வாடகை இல்லை என்று ஒருவரும் நினைக்கமாட்டார்கள்; தன் உழைப்பைக் குறைத்துச் சொல்கிறார் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். 'காபெலி நதாரெ' செய்வதும் அதே வேலைதான். இரண்டாம் சுற்றுக்குக் கேள்வி வடிவம். கேள்வியில் தயக்கம் இருக்கும், வாக்குறுதி இருக்காது.

```
12
00:03:41,200 --> 00:03:43,500
- What do I owe you?
- Oh, it was nothing.

13
00:03:43,700 --> 00:03:46,200
- Please.
- How could I charge you?

14
00:03:46,400 --> 00:03:49,200
- I insist.
- All right. Fifty thousand, then.
```

கடைசியில் இருக்கும் அந்த 'தென்' என்ற சொல்லை யாராவது நீளம் குறைக்க வெட்டினால் விடாதீர்கள். 'சரி, நீங்கள் இவ்வளவு சொல்வதால்' என்ற இறங்கிவருதல் முழுக்க அதில்தான் இருக்கிறது. அதை எடுத்துவிட்டால் மறுபடி பேச்சு மாறுகிற ஆளாகிவிடுவார்.

தொகையில் ஒரு பொறி உண்டு. அவர் வாயில் வந்தது 'பஞ்சா தொமன்', ஐம்பது தொமான். பேச்சில் ஆயிரத்தை விழுங்கிவிடுவார்கள். நோட்டில் அச்சாகியிருப்பது ரியால்; 10 ரியால் ஒரு தொமான். நாணயத்தின் பெயரே இல்லாமல் எண்ணை மட்டும் போட்டுத் தப்பித்தேன்.

மூன்று சுற்றை இரண்டாகச் சுருக்கலாம். ஒன்றாக்கினால் அவள் வற்புறுத்தியது காணாமல் போகும், அவர் ஆசையோடு காசு வாங்கியதுபோல் ஆகும்.

வாசலில் வழியனுப்புகிறவர் சொல்லும் 'பெஃபர்மாயீத் தூ' (உள்ளே வாங்க) வெறும் உபசாரம் என்றால் 'யூ'ர் ஷ்யூர் யூ வோன்ட் கம் இன்?' என்று போடுங்கள். மறுப்பு கேள்விக்குள்ளேயே இருப்பதால் விருந்தாளி போய்விட்டாலும் யாருக்கும் உறுத்தாது. நிஜ அழைப்பென்றால் கேள்வியே வேண்டாம், நேராக 'கம் இன்.'

படி 4: மறுப்பு

'மொஸாஹெம் நெமிஷம்', தொந்தரவு கொடுக்கமாட்டேன். இதை எல்லாரும் 'ஐ டோன்ட் வான்ட் டு பாதர் யூ' என்று போட்டுவிட்டு நகர்கிறார்கள். படி 1-இல் எழுதிய குறிப்பு இங்கேதான் உதவும். பாத்திரம் கடைசியில் உள்ளே போகிறதென்றால்:

```
I really shouldn't.
```

போகவே இல்லையென்றால்:

```
I really can't. They're waiting for me.
```

முதலாவது, இன்னொரு முறை கூப்பிடுங்கள் என்கிறது. இரண்டாவது கதவைச் சாத்துகிறது. கூடவே ஒரு காரணம் இருந்தால் முரட்டுத்தனமாகவும் இருக்காது. மூலத்தில் காரணம் வேறு வரியில் வந்தால் அதை முன்னே இழுத்துக்கொள்ளுங்கள். இல்லாத காரணத்தை மட்டும் உருவாக்காதீர்கள்.

கருவி விஷயத்தில் எனக்குப் பிடிவாதம் உண்டு. Subtitle Edit-ஐத்தான் சொல்வேன், விநாடிக்கு எத்தனை எழுத்து என்று பக்கத்திலேயே காட்டும். தாரோஃப் வேகமாகப் போகும், இருவர் பேச்சும் ஒன்றின் மேல் ஒன்று விழும். அந்த எண் கண்முன் இல்லாவிட்டால் யாராலும் படிக்க முடியாத வசனம் எழுதிவிடுவீர்கள். Aegisub அழகான எழுத்து அலங்காரத்துக்கு நல்லது, இந்த வேலைக்கு அவசியமில்லை.

பின்சேர்க்கை: தொலைபேசிக் காட்சிகளில் வரும் 'ஃகொர்பானெத் பெரம்' பற்றி ஒருவர் கேட்டிருந்தார். சொல்லுக்குச் சொல், உனக்காக நான் பலியாகிறேன். உரையாடல் முடிவில் வந்தால் அது வெறும் விடைபெறல். நெருங்கியவர்களுக்கு 'லவ் யூ, பை', மற்றவர்களுக்கு 'டேக் கேர்' போதும். தாய் குழந்தையைக் கொஞ்சும்போது சொன்னால் இந்த இரண்டுமே ஒத்துவராது, அங்கே 'மை டார்லிங்.'

இன்னொருவர் நேரில் மொழிபெயர்க்கிறவர். "எனக்குக் காட்சியின் முடிவு தெரியாதே?" என்று கேட்டார். நியாயம். முதல் சுற்றில் எப்போதும் 'ஷுடன்ட்' வகையைப் பிடித்துக்கொள்ளுங்கள், அதிலிருந்து எந்தப் பக்கமும் திரும்பலாம். 'கான்ட்' என்று சொல்லிவிட்டபின் உங்கள் ஆள் செருப்பைக் கழற்றி உள்ளே நுழைந்தால், விழிக்க வேண்டியது நீங்கள்தான்.