டீக்கடையில் விலை ஏற்றும்போது அறிவிப்பு எழுதுவது எப்படி?

டீ 10 ரூபாயிலிருந்து 12 ரூபாய் ஆகப்போகிறது என்று வைத்துக்கொள்வோம். அதைச் சொல்ல ஒரு சார்ட் பேப்பரும் மார்க்கரும் போதும். ஆனால் பேப்பரை எடுக்கும் முன் ஒரு சின்னக் கணக்குப் போட வேண்டும்.

முதலில் கணக்கு

"பால் விலை உயர்வால் டீ விலை 2 ரூபாய் கூடுகிறது" என்று எழுதுவதுதான் வழக்கம். தினமும் வருகிறவர் இதை நம்பமாட்டார். பால் லிட்டருக்கு 4 ரூபாய் ஏறியிருக்கிறது, ஒரு லிட்டரில் 15 டீ போடுகிறீர்கள் என்றால், ஒரு டீக்குக் கூடும் செலவு 27 பைசாதான். டீ குடித்து முடிப்பதற்குள் அவர் இதை மனக்கணக்காகவே போட்டுவிடுவார்.

அதனால் ஏறிய செலவு எல்லாவற்றையும் ஒரு டீக்கு எவ்வளவு என்று பிரித்துப் பாருங்கள். மாஸ்டருக்கு நாள் சம்பளம் 100 ரூபாய் கூட்டியிருக்கிறீர்கள், நாளைக்கு 200 டீ ஓடுகிறது என்றால் டீக்கு 50 பைசா. டீத்தூளுக்கும் சிலிண்டருக்கும் இதே மாதிரி பார்த்தால் தலா 20 பைசா வருகிறது என்று கொள்வோம். மொத்தம் ஒரு ரூபாய் 17 பைசா. 11 ரூபாய் வைத்தால் கட்டாது, சில்லறையும் தொல்லை. அதனால் 12.

இந்தக் கணக்கு முழுவதையும் எழுதி ஒட்ட வேண்டாம். யாராவது கேட்டால் கல்லாவில் இருப்பவருக்குச் சொல்லத் தெரிந்தால் போதும். அறிவிப்பில் காரணத்துக்கு ஒரு வரிதான், ஆனால் அது உண்மையான வரியாக இருக்க வேண்டும்.

அப்புறம் எழுதுவது

> வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.
>
> வரும் 1-ஆம் தேதி முதல்
> டீ ரூ.10-லிருந்து ரூ.12
> காபி ரூ.15-லிருந்து ரூ.17
> (பார்சலுக்கும் இதே கணக்கு)
>
> மாஸ்டர் சம்பளம், பால், டீத்தூள், கேஸ் எல்லாம் கூடியதால் இந்த மாற்றம்.
> வடை, பஜ்ஜி பழைய விலையே. டீயின் அளவு குறையாது.
>
> விடியற்காலையில் ஷட்டர் தூக்கும் முன்பே வந்து நிற்கும் உங்களால்தான் இந்தக் கடை ஓடுகிறது. நன்றி.

பழைய விலை, புது விலை இரண்டையும் ஒரே வரியில் போடுங்கள். புது விலையை மட்டும் போட்டால், எவ்வளவு கூட்டினார்கள் என்ற பேச்சு பெஞ்சில் ஓடும். "விரைவில்" என்று எழுதாமல் தேதியைக் குறிப்பிடுங்கள். பற்று நோட்டுக்காரர்கள் மாதக் கடைசியில் கணக்கு முடிப்பதால் 1-ஆம் தேதி வசதி.

நன்றி சொல்லும் வரியில்தான் பலரும் "தங்கள் மேலான ஆதரவை நாடும்" என்று கல்யாணப் பத்திரிகை நடைக்குப் போய்விடுகிறார்கள். உங்கள் கடைக்கு வருகிறவர்களுக்கு மட்டுமே பொருந்தும் ஒரு விஷயத்தைச் சொல்லுங்கள். பக்கத்தில் பஸ் ஸ்டாண்டு இருந்தால் டிரைவர், கண்டக்டர்களைக் குறிப்பிடலாம். "சிரமத்துக்கு வருந்துகிறோம்" வேண்டாம். அது ரோடு தோண்டுகிறவர்கள் எழுதுவது.

பிஸ்கட் பாக்கெட், தண்ணீர் பாட்டிலை இந்தப் பட்டியலில் சேர்க்கவே கூடாது. அச்சிட்ட எம்.ஆர்.பி.க்கு மேல் ஒரு ரூபாய் வாங்கினாலும் சட்டப்படி குற்றம். தொழிலாளர் துறையினர் சோதனைக்கு வந்தால், நீங்கள் ஒட்டிய பேப்பரே சாட்சியாகிவிடும்.

எங்கே, எப்போது ஒட்டுவது

பாய்லருக்கு மேலே ஒட்டினால் ஆவியில் மை கரைந்துவிடும். காசு வாங்கும் இடத்தில், கண் மட்டத்தில், ஒரு வாரம் முன்னதாக ஒட்டுங்கள். ஆனால் அதற்கும் முந்தைய நாளே, பற்று வைத்திருப்பவர்களுக்கும் பிளாஸ்க்கில் டீ வாங்கும் ஒர்க் ஷாப்காரர்களுக்கும் நேரில் சொல்லிவிட வேண்டும். "அண்ணே, ஒண்ணாந்தேதியிலருந்து ரெண்டு ரூபா கூட்டுறோம், பேப்பர் ஒட்டுறதுக்கு முன்னாடி உங்ககிட்ட சொல்லிடலாம்னு" என்றால் பாதிப் பேர் "சரி தம்பி" என்று போய்விடுவார்கள். சுவரைப் பார்த்துத் தெரிந்துகொண்டால்தான் அவர்களுக்குக் கோபம் வரும்.

ஒட்டியபின் மாஸ்டரிடம் கேளுங்கள், ஆட்கள் அவரிடம் என்ன விசாரிக்கிறார்கள் என்று. "பார்சலுக்கும் சேர்த்தா?", "எப்பலருந்து?" என்றெல்லாம் கேள்வி வந்தால் அந்த வரி விட்டுப்போயிருக்கிறது, அல்லது எழுத்து சிறியதாக இருக்கிறது. புதிதாக எழுதி ஒட்டுங்கள்.

1-ஆம் தேதிக்கு முந்தின ராத்திரியே விலைப்பலகையையும் மாற்றிவிடுங்கள். பலகையில் 10, பேப்பரில் 12 என்று இருந்தால் காலையில் முதல் ஆளிடமே வாக்குவாதம்தான். இரண்டு ரூபாய் நாணயமும் கொஞ்சம் வாங்கி வையுங்கள். முதல் இரண்டு மூன்று நாள் பழக்க தோஷத்தில் போனில் 10 என்று அடித்துவிட்டுப் போவார்கள். சவுண்ட் பாக்ஸ் "பத்து ரூபாய்" என்று சொல்லும். கூப்பிட்டு நிறுத்த வேண்டாம். அடுத்த டீக்கு வரும்போது அவரே ஞாபகம் வந்து சேர்த்துப் போட்டுவிடுவார். போடாவிட்டால் அப்போது சொல்லிக்கொள்ளலாம்.