முப்படிச் சமன்பாட்டுக்கு மூலம் தேடுவது எப்படி: முதலில் ஒரு பட்டியல் போடுங்கள்

இருபடிச் சமன்பாடு என்றால் சூத்திரத்தில் எண்களைப் போட்டால் விடை வந்துவிடும். முப்படிக்கும் சூத்திரம் இருக்கிறது, கார்டானோ 1545-லேயே அச்சில் கொண்டுவந்துவிட்டார். ஆனால் நாம் இப்போது எடுக்கப்போகும் கணக்கில் அதைப் போட்டுப் பாருங்கள், வர்க்கமூலத்துக்குள் குறை எண் வந்து நிற்கும், அதற்கு வெளியே ஒரு கனமூலம் வேறு, கடைசி விடையோ வெறும் 2/3. அதனால் அந்தப் பக்கம் போகவேண்டாம். கெழுக்கள் எல்லாம் முழு எண்களாக இருந்தால் விகிதமுறு மூலத் தேற்றம் என்று ஒன்று இருக்கிறது, அதை வைத்து மூலமாக வரக்கூடிய எண்களை மட்டும் ஒரு தாளில் எழுதிவிடலாம்.

கணக்கு இது:

```
3x³ + 4x² - 22x + 12 = 0
```

தேற்றம் சொல்வது இவ்வளவுதான்: p/q என்ற சுருக்கிய பின்னம் இதற்கு மூலமாக இருந்தால், p கடைசி எண்ணான 12-ஐ மீதியில்லாமல் வகுக்கும், q முதல் எண்ணான 3-ஐ மீதியில்லாமல் வகுக்கும். ஏன் என்று தெரியாமல் மனப்பாடம் செய்தால் எது மேலே எது கீழே என்று கட்டாயம் குழம்பும். நான் படித்த காலத்தில் தலைகீழாக எழுதி, 3/12 என்றெல்லாம் சோதித்துக்கொண்டு ஒரு முழுப் பக்கத்தை வீணாக்கியிருக்கிறேன். காரணம் இரண்டே வரிதான். x இருக்கும் இடத்தில் p/q போட்டு, எல்லாவற்றையும் q³ ஆல் பெருக்குங்கள்:

```
3p³ + 4p²q - 22pq² + 12q³ = 0
```

முதல் மூன்று உறுப்புகளிலும் p இருக்கிறது, மொத்தக் கூட்டுத்தொகை 0, அப்படியென்றால் மீதமிருக்கும் 12q³-ம் p-யால் வகுபட்டே ஆகவேண்டும். p-க்கும் q-வுக்கும் பொதுக் காரணி கிடையாது (பின்னத்தைச் சுருக்கிவிட்டோமே), ஆகவே p வகுப்பது 12-ஐத்தான். அதேபோல் கடைசி மூன்று உறுப்புகளிலும் q இருப்பதால் அது 3p³-ஐ வகுக்கவேண்டும், அதாவது 3-ஐ. எது மேலே எது கீழே என்ற சந்தேகம் வந்தால் 3x - 2 = 0 என்று ஓரத்தில் எழுதிப் பாருங்கள், x = 2/3, முதல் எண் கீழே போய்விட்டது தெரியும்.

சரி, இப்போது பட்டியல். 12-இன் வகுத்திகள் 1, 2, 3, 4, 6, 12. இவற்றை முதலில் 1-ஆல் வகுத்தால் அதே எண்கள். அப்புறம் 3-ஆல் வகுத்தால் 1/3, 2/3, 1, 4/3, 2, 4. இதில் 1, 2, 4 ஏற்கெனவே வந்துவிட்டன, அடித்துவிடுங்கள். மிஞ்சுவது:

```
±1, ±2, ±3, ±4, ±6, ±12, ±1/3, ±2/3, ±4/3
```

மொத்தம் 18 எண்கள். விகிதமுறு மூலம் ஏதாவது இருந்தால் இந்த 18-க்குள்தான் இருக்கும், வெளியே இருக்கவே முடியாது. ஆனால் வேட்புமனு போட்டவர் எல்லாம் எம்.எல்.ஏ. ஆகிவிடுவதில்லை, இந்தப் பட்டியலில் பெயர் இருப்பதால் மூலம் என்று ஆகிவிடாது.

பட்டியல் போடும் முன் கவனிக்கவேண்டியது ஒன்று. இதே சமன்பாட்டை 6x³ + 8x² - 44x + 24 = 0 என்று கொடுத்திருந்தால் மூலங்கள் மாறாது, ஆனால் பட்டியல் 18-லிருந்து 30 ஆக வீங்கிவிடும். அதனால் பொதுக் காரணி இருந்தால் முதலிலேயே வகுத்துவிடுங்கள். கெழுவில் பின்னம் இருந்தால் பெருக்கி முழு எண்ணாக்குங்கள். கடைசி எண்ணே இல்லாமல் எல்லா உறுப்பிலும் x இருந்தால் 0 ஒரு மூலம், x-ஐ வெளியே எடுத்துவிட்டால் மிச்சம் இருபடிதான், இந்தத் தேற்றமே தேவைப்படாது.

18 எண்களையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கலாம், நிறையப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள். அதற்கு முன் 1-ஐயும் -1-ஐயும் மட்டும் போட்டுப் பாருங்கள், இவை சுலபம். சமன்பாட்டின் இடப்பக்கத்தை f(x) என்று வைத்துக்கொள்வோம்.

```
f(1)  = 3 + 4 - 22 + 12  = -3
f(-1) = -3 + 4 + 22 + 12 = 35
```

இரண்டும் மூலமில்லை. ஆனால் இந்த -3-ஐயும் 35-ஐயும் தூக்கிப்போட்டுவிடாதீர்கள். p/q மூலமாக இருந்தால் f(x)-ஐ (qx - p) × g(x) என்று எழுதலாம், g-யின் கெழுக்களும் முழு எண்களாகவே வரும். x = 1 என்று போட்டால் (q - p) என்ற எண் -3-ஐ வகுக்கவேண்டும். x = -1 என்று போட்டால் (p + q) என்ற எண் 35-ஐ வகுக்கவேண்டும். குறியை எப்போதும் p-யோடு வைத்துக்கொள்ளுங்கள், q நேர் எண்ணாகவே இருக்கட்டும்.

உதாரணமாக 6-ஐ எடுப்போம்: p = 6, q = 1, வித்தியாசம் 5, அது 3-ஐ வகுக்காது, போய்விட்டது. 2 என்றால் வித்தியாசம் 1, அது சரி, ஆனால் கூட்டுத்தொகை 3, அது 35-ஐ வகுக்காது, இதுவும் போய்விட்டது. -1/3 என்றால் p = -1, q = 3, வித்தியாசம் 4, முடிந்தது கதை. இப்படியே மனக்கணக்கில் ஓட்டினால் மிஞ்சுவது நாலே நாலு: 4, -2, 2/3, 4/3. இந்தச் சல்லடையைப் பள்ளியில் ஏன் சேர்த்தே சொல்லித்தருவதில்லை என்பது எனக்கு இன்றைக்கும் புரியாத விஷயம்.

நாலில் எதை முதலில் பார்ப்பது? f(0) = 12, f(1) = -3. நடுவில் குறி மாறுகிறது, அதனால் 0-க்கும் 1-க்கும் இடையில் ஒரு மூலம் இருந்தே தீரும். அந்த இடைவெளியில் நிற்பது 2/3 மட்டும். தொகுமுறை வகுத்தலில் போடுவோம்:

```
2/3 |  3    4   -22    12
    |       2     4   -12
    ----------------------
       3    6   -18     0
```

மீதி 0, ஆக 2/3 மூலம்தான். (சமன்பாட்டில் x² உறுப்போ x உறுப்போ இல்லையென்றால் அந்த இடத்தில் 0 எழுத மறக்காதீர்கள், மறந்தால் எல்லாம் ஓர் இடம் தள்ளிப்போய், சரியான மூலத்துக்குக்கூட மீதி 0 வராமல் போகலாம்.) கீழ் வரிசையில் வந்தது 3x² + 6x - 18, 3-ஆல் வகுத்தால் x² + 2x - 6 = 0. இருபடிச் சூத்திரம் போட்டால் x = -1 ± √7, அதாவது சுமார் 1.646, -3.646. இவை இரண்டும் நம் பட்டியலில் இல்லை, இருக்கவும் முடியாது, ஏனென்றால் இவை விகிதமுறா எண்கள். ஆகவே ஒரு மூலம் கிடைத்ததும் பட்டியலை விட்டுவிட்டு இருபடிக்குப் போய்விடுங்கள். மற்ற இரண்டையும் பட்டியலிலேயே தேடிக்கொண்டிருந்தால் கிடைக்காது.

பட்டியலில் ஒன்றுகூடத் தேறாமல் போனால்? உடனே கணக்குத் தப்பு என்று நினைக்கவேண்டாம். y³ - 3y - 1 = 0 என்பதைப் பாருங்கள். பட்டியலில் 1, -1 இரண்டுதான், போட்டால் -3 வருகிறது, 1 வருகிறது, இரண்டும் 0 இல்லை. ஆனாலும் இதற்கு மூன்று மெய் மூலங்கள் இருக்கின்றன, மூன்றும் விகிதமுறா எண்கள், அவற்றில் ஒன்று 2 cos 20°. ஒரு விகிதமுறு மூலம்கூட இல்லாததால் இந்த முப்படியை விகிதமுறு கெழுக்களோடு காரணிப்படுத்தவே முடியாது. அளவு குறிக்காத அடிக்கோலும் கவராயமும் மட்டும் வைத்து 60° கோணத்தை மூன்று சமபாகமாக வெட்ட முடியாது என்று 1837-இல் வான்ட்செல் நிரூபித்தார் இல்லையா, அந்த நிரூபணத்தை இன்று எழுதும்போது இந்த இரண்டு எண்களைப் போட்டுப் பார்ப்பது அதில் ஒரு படி.