ஸ்கூல் டெஸ்க்குல பேனாக் கிறுக்கலும் காம்பஸ் கீறலும்: மையை மொதல்ல எடுங்க, உப்புத்தாள் அப்பறம்

போன மே லீவுல எங்கூரு ஸ்கூல்ல, கோபி பக்கமுங்க, 11 டெஸ்க்கை நானும் எங்க மச்சானும் சரி பண்ணுனோம். எல்லாமே பழைய வேப்பம்பலகை, மேல வார்னிஷ் அடிச்சது.

மொத டெஸ்க்குல எடுத்த எடுப்புல 80 நம்பர் உப்புத்தாளைப் போட்டுத் தேச்சனுங்க, வார்னிஷ் போச்சு, ஆனா கீறலுக்குள்ள இருந்த பால்பாயிண்ட் மை அப்படியே நின்னுருச்சு. சரி, ஸ்பிரிட்டு விட்டா போயிரும்னு ஊத்துனா, கோடா இருந்தது உள்ளங்கை அகலத்துக்கு நீலமா பரவிப்போச்சு. ஸ்பிரிட்டு மையைக் கரைச்சுது, வார்னிஷ் இல்லாத வெறும் பலகை அதை உறிஞ்சிக்கிச்சு. அந்தக் கறை இன்னும் அந்த டெஸ்க்குல இருக்குதுங்க, மனசு ஆறல.

அதனால வார்னிஷ் மேல இருக்கறப்பவே மையை எடுத்துருங்க. கீறலுக்கு ரெண்டு பக்கமும் வார்னிஷ் வரப்பு மாதிரி நிக்கும், கரைஞ்ச மை அதைத் தாண்டிப் பரவாது. மெடிக்கல்ல கெடைக்கற சர்ஜிக்கல் ஸ்பிரிட் போதும். தின்னர் வேண்டாம், அது வரப்பையே கரைச்சுரும். காது குடையற பட்ஸை ஸ்பிரிட்ல நனைச்சு, நல்லாப் புழிஞ்சுட்டு, கீறலோட ஒரே திசைல உருட்டுங்க, ஒடனே காஞ்ச துணியால ஒத்தி எடுங்க. முன்னயும் பின்னயும் தேய்க்கக் கூடாது. பட்ஸ் நீலமாகாம வெள்ளையாவே வந்தாத்தான் முடிஞ்சுதுன்னு அர்த்தம்.

இதுக்கு முன்னாடி டெஸ்க்குக்கு அடில ஒரு சொட்டு விட்டுத் தொட்டுப் பாருங்க. பிசுபிசுன்னு ஒட்டுனா அது அரக்கு பாலிஷ், அதுக்கு ஸ்பிரிட்டே ஆகாது. பிளேடை நிமுத்திப் புடிச்சு மையையும் பாலிஷையும் சேர்த்தே சொரண்டீருங்க.

மை போன பொறவு 80 நம்பர் உப்புத்தாள்ல மரத்து ரேகையோட வாக்குலயே தேச்சு வார்னிஷை எடுங்க. இனி காம்பஸ் கீறல். இதுல அமுங்குனது வேற, அறுந்தது வேற. மூணாவது டெஸ்க்குல எந்தப் பையனோ காம்பஸ் முள்ளால ஒரு முழு வட்டம் போட்டிருந்தான். ஈரத்துணியை நாலா மடிச்சு வட்டத்து மேல வெச்சு, நல்லாச் சூடான இஸ்திரிப்பெட்டிய பத்து செகண்டு வெச்சு எடுத்தேன். ஆவி உள்ள போனா அமுங்குன நார் ஊறி மேல எந்திரிக்கும். மூணு தடவைல பாதி வட்டம் காணாமப் போச்சு, பாதி அப்படியே இருந்துச்சுங்க! சித்த நேரம் கழிச்சுத்தான் புரிஞ்சுது. முள்ளு ரேகையோட போன எடத்துல நார் அமுங்கிருக்கு, ரேகைக்குக் குறுக்க போன எடத்துல நாரே அறுந்திருக்கு. அறுந்தது ஆவிக்கு எந்திரிக்காது. நாலு தடவைக்கு மேல வைக்காதீங்க, துணி காஞ்சு போனா பலகை கருகிரும். ஸ்பிரிட்டு வாசம் முழுசாப் போகாம இஸ்திரிப்பெட்டியக் கிட்டயே கொண்டுபோகாதீங்க, தீப்புடிக்கும்.

ஒரு நாள் காய விட்டுட்டு மிச்சக் கீறலை அடைக்கணும். நெம்பப் பேரு மரத்தூளோட பெவிகால் கலப்பாங்க, எனக்கு அது புடிக்கறதில்ல. பெவிகால் ஈசுன எடத்துல வார்னிஷ் ஊறாது, காஞ்சதும் வெளுத்த திட்டா தெரியும். நான் அதே டெஸ்க்குல தேச்ச தூளை உட் சீலர்ல கொழைச்சு வெச்சேன். காஞ்சா உள்வாங்கும், அதனால கொஞ்சம் மேடாவே வைங்க. மறுநா 120, அப்பறம் 220ல தேச்சுட்டு, செல்போன் டார்ச்சைப் பலகையோட ஒட்டிச் சாய்ச்சுப் புடிங்க, விட்டுப்போன பள்ளமெல்லாம் நெழலாத் தெரியும்.

வார்னிஷ் மொதக் கோட்டுக்கு கால் பங்கு டர்பன்டைன் கலந்துக்கங்க, ரெண்டாவது கோட்டு அப்படியே அடிக்கலாம். ஆடிக்காத்துல மட்டும் வெளில வெச்சு அடிக்காதீங்க, நம்ம பக்கம் வீசற காத்துக்குப் புழுதியெல்லாம் வந்து ஒட்டிக்கும்.

பின்னாடி சேர்த்தது: ஜெல் பேனா மை ஸ்பிரிட்டுக்கு வரலைன்னு ரெண்டு பேரு எழுதியிருந்தாங்க. ஜெல் மைல நெறையத்துல கரையாத நெறத்தூள்தான் இருக்கும், அதை பிளேடு நுனியால சொரண்டித்தான் எடுக்கணும். பல்லடத்துல ஒருத்தர் இஸ்திரிப்பெட்டி வெச்சதும் டெஸ்க்கு உப்பிக்கிச்சுன்னாரு. அது பலகை இல்லீங்க, பிளைவுட் மேல மைக்கா ஒட்டுனது. ஓரத்துல பாருங்க, அடுக்கடுக்காத் தெரிஞ்சா ஆவியும் வேண்டாம், 80 நம்பரும் வேண்டாம். மைக்காவுல மையைத் தொடைக்க மட்டுந்தான் முடியும், கீறல் போகாது.